இரண்டே வருடத்தில் முதல் திரும்பிவிடும்: ஒரு பேக்கரியின் கிளைக் கணக்கு

பின்னணி

தென்மாவட்டச் சிறு நகரம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக நடக்கும் பேக்கரி இது. கடைக்குப் பின்னாலேயே அடுமனை. ரொட்டி, பன், காரவகை, பிறந்தநாள் கேக், மாலையில் டீ. நாள் விற்பனை சராசரியாக 22,000 ரூபாய். எல்லாச் செலவும் போக ஆண்டுக்கு 9 லட்சம் அளவில் மிஞ்சும். உரிமையாளரும் அவர் மனைவியும் கல்லாவில் இருப்பார்கள். அடுமனையில் இரவு வேலையை மனைவியின் தம்பி கவனித்துக்கொள்கிறார். நான் அவர்களுக்கு வரவுசெலவுக் கணக்கு எழுதிக் கொடுப்பவன்.

2022 நடுப்பகுதியில், 14 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு ஊரில், பஸ் நிலையத்துக்கு நேரெதிரே ஒரு கடை காலியானது. உரிமையாளர் அன்று மாலையே என்னிடம் வந்தார். கையில் பால் பாக்கெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கு.

“சார், 18 லட்சம் போட வேண்டும். மாதம் 75,000 நிற்கும். இரண்டே வருடத்தில் முதல் திரும்பிவிடும். பிறகு வருவதெல்லாம் லாபம். கட்டடக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்.”

“வெள்ளிக்கிழமை வேண்டாம் அண்ணாச்சி, மூன்று வாரம் கேளுங்கள்” என்றேன். கட்டடக்காரர் இரண்டு வாரம் கொடுத்தார். கீழே வருவது பெரும்பாலும் அந்த இரண்டு வாரத்தில் நடந்தது.

அட்டையில் இருந்த கணக்கு

முதலீடு: அட்வான்ஸ் 3.5 லட்சம் (பத்து மாத வாடகை), உள்வேலை 9 லட்சம், ஷோகேஸ், குளிர்பெட்டி, பாய்லர், இன்வெர்ட்டர் போன்றவை 5.5 லட்சம். மொத்தம் 18 லட்சம்.

நாள் விற்பனை 18,000; மாதம் 5.4 லட்சம். மாவு, நெய், கேஸ், அடுமனைக் கூலி எல்லாம் போக நூற்றுக்கு 38 நிற்கும் என்பது பழைய கடையின் அனுபவம். என் பேரேடும் அதையே காட்டியது. ஆக 2,05,200 ரூபாய். அதில் வாடகை 35,000, ஐந்து பேர் சம்பளம் 62,000, மின்சாரம் 17,000, வேன் 9,000, சில்லறைச் செலவு 7,200. மிச்சம் 75,000. விற்பனை எண்கள் எல்லாம் ஜிஎஸ்டி நீக்கியவை. கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை.

அவர் மனைவி வேறொரு கணக்கு வைத்திருந்தார். பாதிப் பணத்துக்கு, அதாவது 9 லட்சத்துக்கு, வங்கிக் கடன் வாங்குவதாகத் திட்டம். 11% வட்டியில் ஐந்து ஆண்டுக்கு மாதத் தவணை 19,600 ரூபாய் வரும். அதை 75,000-இல் கழித்தால் நிற்பது 55,400; முதல் திரும்ப 2 ஆண்டு 8 மாதம் ஆகும் என்றார். வீட்டில் இரண்டு நாளாக இந்த இரண்டு எண்களுக்குள்தான் வாக்குவாதம்.

கிளையின் தகுதியை எடைபோடும்போது தவணையைக் கழிக்கக் கூடாது. முதலீடு 18 லட்சத்தையும் செலவாக ஒருமுறை எழுதிவிட்டோம். அதே பணத்தின் ஒரு பகுதியைத் தவணை என்ற பெயரில் மறுபடி கழித்தால் இரண்டு தடவை எழுதியதாகிறது. வட்டி என்பது பணத்தின் விலை. பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு வீதம் அந்த விலையைத் தனியாக வசூலித்துவிடும். இதை அந்த அம்மாவிடம் விளக்கினேன். “அப்படியானால் மாதம் பிறந்தால் தவணை எங்கிருந்து வரும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் அப்போது போதிய அளவு மதிக்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கவனித்தவை

முதலில், புதுக்கடை விற்பனையில் எவ்வளவு உண்மையிலேயே புதியது என்று பார்த்தோம். 14 கிலோமீட்டர் என்பது பஸ்ஸில் அரை மணி நேரம். அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே இந்தக் கடைக்கு வருபவர்கள்தான். கல்லாவில் ஒரு தாளை ஒட்டிவைத்து, ஐந்து நாள் மாலை நேரத்தில், வாங்குபவர்களிடம் “எந்த ஊர்?” என்று கேட்டுக் கோடு போடச் சொன்னோம். அந்த ஊர்க்காரர்கள் வாங்குவது நாளுக்குச் சுமார் 1,000 ரூபாய் என்று வந்தது. அங்கே கடை திறந்தால் அந்த 1,000 இங்கிருந்து அங்கே போகும். குடும்பத்துக்குப் புதிதாக எதுவும் வராது. 38% வீதத்தில் ஆண்டுக்கு 1.37 லட்சம் பழைய கடையில் குறையும். கிளைக்கு என்று தனி நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்க்கும் பலர் தவறவிடும் இடம் இது, ஏனென்றால் இந்த நஷ்டம் கிளையின் நோட்டில் ஏறுவதே இல்லை.

அடுத்தது மைத்துனர். புதுக்கடையை அவர் பார்த்துக்கொள்வார் என்பது திட்டம். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. “வீட்டு ஆள்தானே” என்றார்கள். வீட்டு ஆள் என்றால் செலவில்லை என்று எழுதலாமா என்பதற்கு ஒரே சோதனை: அவர் போனால் இங்கே என்ன ஆகும்? இரவு அடுப்பைப் பார்க்க ஒரு மாஸ்டர் வேண்டும். விசாரித்ததில் மாதம் 16,000 கேட்டார்கள். ஆண்டுக்கு 1.92 லட்சம், கையை விட்டுப் போகும் ரொக்கம்.

மூன்றாவது, 18,000 என்ற எண். எப்படி வந்தது என்று கேட்டேன். “இங்கே 22,000 விற்கிறது, புது இடம் என்பதால் இருபது சதவீதம் குறைத்துப் போட்டேன்.” பதினான்கு ஆண்டில் எட்டிய விற்பனையில் இருபது சதவீதம் குறைத்து முதல் மாதத்திலேயே எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. நாங்கள் மூன்று நாள், காலை, மாலை, பஸ் நிலையத்தின் எதிர்ப்புற டீக்கடையில் உட்கார்ந்து, அங்கிருந்த மற்றொரு பேக்கரியில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று எண்ணினோம். (ஆறு டீக்கு மேல் குடித்தால் எண்ணிக்கையில் நம்பிக்கை வைக்காதீர்கள்.) 18,000 மூன்றாவது ஆண்டில் சாத்தியம், முதலாண்டில் அதில் 80%, இரண்டாமாண்டில் 90% என்று முடிவு செய்தோம்.

நான்காவது, வருமான வரி. இவர்கள் உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுபவர்கள். அதாவது விற்பனையில் 8 சதவீதமும், வங்கி அல்லது மின்னணு வழியில் வந்த தொகைக்கு 6 சதவீதமும் லாபம் என்று கொள்ளப்படும். அதனால் கிளை நஷ்டத்தில் ஓடினாலும் விற்பனை கூடியதற்கு வரி கூடும். தேய்மானத்தைத் தனியாகக் கழிக்கவும் முடியாது. ஆண்டுக்குச் சுமார் 50,000 என்று வைத்தோம்.

இவை போக, புதுக்கடையை நிரப்ப 1 லட்சத்துக்குச் சரக்கு வேண்டும். அட்டையில் அது இல்லை. முதலீடு 19 லட்சமானது.

கழிவு வீதமும் கால அளவும்

ஐந்து ஆண்டுக்குக் கணக்குப் போட்டோம். உள்வேலையும் குளிர்பெட்டியும் அதற்கு மேல் புதுப்பிக்காமல் தாங்காது. வீதம் 14%. பாதி வங்கிப் பணம், அதன் விலை 11%. மீதிப் பாதி சொந்தப் பணம். அதைப் பழைய கடையிலேயே போட்டால் என்ன கிடைக்கும் என்று உரிமையாளரோடு பேசி 17% என்று வைத்தேன். இந்த 17 என் தீர்ப்பு, அளந்து எடுத்தது அல்ல. அதனால் வெறும் வங்கி வட்டி 11 சதவீதத்திலும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். விடை மாறியது, முடிவு மாறவில்லை.

மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு விலைவாசியோடு விற்பனையும் செலவும் சேர்ந்து 5% ஏறும் என்று கொண்டோம். வாடகையை மட்டும் ஏற்றிவிட்டு பன் விலையை அப்படியே விட்டுவிடும் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். அதன் தலைகீழையும் பார்த்திருக்கிறேன். 14% என்பதில் விலைவாசி ஏற்றம் ஏற்கெனவே உள்ளடங்கியது. ஆகவே வரவிலும் செலவிலும் அது இருக்க வேண்டும்.

ஐந்தாம் ஆண்டு முடிவில் திரும்பக் கிடைப்பவை: அட்வான்ஸ் 3.5 லட்சம், சரக்கு 1 லட்சம், பழைய சாமான் விலை 0.8 லட்சம். மொத்தம் 5.3 லட்சம். அட்வான்ஸைச் செலவு என்று எழுதுவதும் தவறு, முழுதாகத் திரும்புகிறது என்று மகிழ்வதும் தவறு. ஐந்தாண்டு வட்டியில்லாமல் அடுத்தவரிடம் கிடந்த 3.5 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 1.8 லட்சம்தான்.

பெரிய கடை: விடை

முழு வேகத்தில் ஓடும் ஆண்டில், மாதம் 75,000 வீதம் 9 லட்சம் என்று அட்டையில் இருந்தது 1.37, 1.92, 0.5 ஆகியவை போக 5.2 லட்சமானது. முதலாண்டில் விற்பனைக் குறைவால் 0.3 லட்சம், இரண்டாமாண்டில் 2.75 லட்சம். ஐந்தாண்டு வரவுகளின் இன்றைய மதிப்பைக் கூட்டி, முதலீட்டைக் கழித்தால் வருவது நிகர நிகழ்கால மதிப்பு. எக்செல்லில் இப்படி:

```
=NPV(14%, 0.3, 2.75, 5.2, 5.5, 11.0) - 19
```

கடைசி 11.0 என்பது ஐந்தாம் ஆண்டு வரவு 5.7-உம் திரும்பக் கிடைக்கும் 5.3-உம் சேர்ந்தது. 19 லட்சத்தை அடைப்புக்குறிக்கு வெளியே கழித்திருப்பதைக் கவனிக்கவும். உள்ளே போட்டால் அந்தச் செயல்பாடு அதையும் ஓர் ஆண்டு கழித்து வரும் தொகையாக எடுத்துக்கொள்ளும்.

விடை: மைனஸ் 4.14 லட்சம். அட்டை எண்களையே இதே வீதத்தில் போட்டிருந்தால் 14 லட்சத்துக்கு மேல் பிளஸ்.

முதல் திரும்பும் காலம் இரண்டு ஆண்டிலிருந்து 4 ஆண்டு 11 மாதமானது. உரிமையாளர் இதைப் பார்த்து, “ஐந்து வருடத்துக்குள் வந்துவிடுகிறதே, பிறகு எப்படி நஷ்டம்?” என்றார். சரியான கேள்வி. போட்ட 19 லட்சம் ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் ரூபாய்க் கணக்கில் திரும்பிவிடுகிறது. ஆனால் அந்த 19 லட்சம் ஐந்தாண்டு வேறு வேலை செய்யாமல் அங்கே கிடந்ததற்கான கூலி திரும்பவில்லை. வரவில் பெரும்பகுதி மூன்று, நான்கு, ஐந்தாம் ஆண்டுகளில் வருகிறது. அவற்றின் இன்றைய மதிப்பு மெலிந்துபோகிறது. முதல் திரும்பும் காலம் என்ற அளவுகோலுக்கு முதலாண்டு ரூபாயும் ஐந்தாமாண்டு ரூபாயும் ஒன்றுதான்.

மைனஸைப் பூஜ்யமாக்க நாள் விற்பனை ஐந்தாண்டும் சுமார் 880 ரூபாய் கூட வேண்டும். இது எட்ட முடியாத எண் அல்ல. கதவை அடைத்தது வேறு விஷயம்: கட்டடக்காரர் 11 மாத ஒப்பந்தத்துக்கு மேல் வர மறுத்தார். பதிவு செய்த ஐந்தாண்டுக் குத்தகை என்றால் கட்டடத்தில் சிக்கல் வரும் என்பது அவர் பயம். எங்கள் கணக்கின் பயனெல்லாம் மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு இருக்கிறது; ஒப்பந்தமோ முதலாண்டோடு முடிகிறது. 9 லட்சம் உள்வேலையைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துப் போக முடியாது.

மாற்று யோசனை

கடையை விட்டுவிடச் சொல்லத்தான் போனேன். சின்னதாகப் போட்டால் என்ன என்று கேட்டவர் மைத்துனர். பஸ் நிலையத்திலிருந்து ஒரு தெரு தள்ளி, 18,000 வாடகையில் ஒரு கடை. உட்காரும் இடம் கிடையாது. ரொட்டி, காரம், கேக் ஆர்டர், நின்று குடிக்க டீ. இரண்டு பணியாட்கள் போதும். அவர் அடுமனையிலேயே இருப்பார். நாள் விற்பனை 10,000. டீ குறைவு என்பதால் 36% நிற்கும். இங்கே கட்டடக்காரர் ஐந்தாண்டுக் குத்தகையைப் பதிவு செய்ய ஒப்புக்கொண்டார்.

| லட்சம் ரூபாயில் | பெரிய கடை | சின்னக் கடை |
|---|---|---|
| முதலீடு | 19.0 | 8.0 |
| 1-ஆம் ஆண்டு | 0.3 | 1.05 |
| 2-ஆம் ஆண்டு | 2.75 | 2.35 |
| 3-ஆம் ஆண்டு | 5.2 | 3.0 |
| 4-ஆம் ஆண்டு | 5.5 | 3.15 |
| 5-ஆம் ஆண்டு | 5.7 | 3.3 |
| முடிவில் திரும்புவது | 5.3 | 3.0 |
| நிகர நிகழ்கால மதிப்பு (14%) | −4.14 | +1.89 |
| முதல் திரும்பும் காலம் | 4 ஆண்டு 11 மாதம் | 3 ஆண்டு 6 மாதம் |

பிளஸ் 1.89 லட்சம் என்பது கண்ணை மூடிக்கொண்டு இறங்கச் சொல்லும் எண் அல்ல. நாள் விற்பனை 10,000 என்பதில் 430 ரூபாய் குறைந்தாலே அது பூஜ்யமாகிவிடும். எங்கள் மதிப்பீட்டின் துல்லியம் அவ்வளவு கிடையாது.

எடுத்த முடிவும் காரணமும்

முடிவைத் தீர்மானித்தது, ஓராண்டில் மூட நேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி. பெரிய கடையில் அட்வான்ஸ், மிஞ்சிய சரக்கு, பாதி விலைக்கும் கீழே விற்கும் சாமான் எல்லாம் சேர்த்தாலும் 12 லட்சம் அளவுக்குக் கையைக் கடிக்கும். பழைய கடையின் ஓராண்டு மிச்சத்தை விட அது அதிகம். சின்னக் கடையில் 4.5 லட்சம், அரை ஆண்டு உழைப்பு. அதைத் தாங்கலாம் என்று கணவன், மனைவி இருவருமே சொன்னார்கள். கடன் 4 லட்சம், தவணை 8,700. தை மாதம், 2023 ஜனவரியில், கடை திறந்தது.

பிறகு நடந்தது

முதலாண்டு விற்பனை நாளுக்கு 7,900. எதிர்பார்த்தது 8,500. இந்தக் குறைவு பெரிதல்ல. அடி விழுந்தது பழைய கடையில். அங்கிருந்து போன விற்பனை 1,000 அல்ல, 1,600. கேக்தான் காரணம். நாங்கள் கோடு போட்ட ஐந்து நாளும் வார நாள். பிறந்தநாள் கேக்கை மக்கள் சனி, ஞாயிறில் வாங்குகிறார்கள். அதுவும் தொலைபேசியில் ஆர்டர் கொடுப்பதால் மாலை வரிசையில் நின்றவர்களை எண்ணிய எங்கள் தாளில் அவர்கள் இல்லை. கேக் ஆர்டர் நோட்டு, ஊர்ப் பெயரோடு, மூன்று ஆண்டுக்கு அலமாரியிலேயே இருந்தது. யாரும் அதைப் புரட்டவில்லை, நானும்தான்.

இவையெல்லாம் சேர்ந்து முதலாண்டு, 1.05 லட்சம் வரவுக்குப் பதில் சுமார் 53,000 ரூபாய் நஷ்டம். அதன் மேல் தவணை 1.04 லட்சம். ஆக ஓராண்டில் பழைய கடைக் கல்லாவிலிருந்து 1.57 லட்சம் அங்கே போனது. ஆவணி மாதம் மாவு வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பணம் இரண்டு வாரம் தள்ளிப்போனபோது, “தவணை எங்கிருந்து வரும்?” என்று அந்த அம்மா கேட்டது நினைவுக்கு வந்தது. கிளை தகுமா என்ற கேள்விக்கு அவர் கணக்கு தவறு. மாதம் ஓடுமா என்ற கேள்விக்கு அதுதான் சரியான கணக்கு. நிகர நிகழ்கால மதிப்பு ஆண்டு முடிவில் ஒரே தொகையாக வரவைப் பார்க்கும். ஆவணியில் கல்லா காலியாக இருப்பது அதற்குத் தெரியாது. இரண்டையும் தனித்தனியே போட்டிருக்க வேண்டும்.

இரண்டாமாண்டு நிலைமை தேறியது. இரண்டு பள்ளிகளிலிருந்து மாதாந்திர ஆர்டர் வந்தது. நாள் விற்பனை 10,400. பழைய கடையின் இழப்பை ஈடுகட்டி 2.24 லட்சம் நின்றது. எதிர்பார்த்த 2.35-க்கு அருகில்.

2025 தொடக்கத்தில் மறுபடி உட்கார்ந்தோம். உரிமையாளர், “8 லட்சம் போட்டு இதுவரை 1.7 லட்சம்தான் வந்திருக்கிறது, மூடிவிடலாமா?” என்றார். போட்ட 8 லட்சத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தொடர்ந்தாலும் மூடினாலும் அது போனது போனதுதான். அன்று மூடினால் அட்வான்ஸ், சரக்கு, சாமான் சேர்த்து 3.2 லட்சம் கையில் வரும். தொடர்ந்தால் மீதி மூன்று ஆண்டின் வரவும், முடிவில் திரும்பும் 3 லட்சமும் சேர்ந்து அன்றைய மதிப்பில் 9.3 லட்சம். கடை தொடர்கிறது. நடந்த இரண்டு ஆண்டையும், பழைய மதிப்பீட்டின் மீதி மூன்று ஆண்டையும் சேர்த்துத் திறந்த நாளின் மதிப்புக்குக் கொண்டுபோனால் பிளஸ் 42,000 வருகிறது. வென்றோம் என்று சொல்லும்படியாக இல்லை, வருந்தும்படியாகவும் இல்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது

பழைய கடையிலிருந்து போகும் விற்பனையை ஏழு நாளும், ஆர்டர் நோட்டையும் சேர்த்து அளப்பேன். 1,000-க்குப் பதில் 1,600 என்று அன்றே எழுதியிருந்தால் சின்னக் கடையும் மைனஸ் 0.9 லட்சத்தில் நின்றிருக்கும். நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். பள்ளி ஆர்டர்களை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு பிழையை இன்னொரு எதிர்பாராத வரவு மூடியது, அவ்வளவுதான்.

முதல் பதினெட்டு மாதத்துக்கு ரொக்க ஓட்டத்தை மாதவாரியாகப் போடுவேன். அதில் தவணையும் இருக்கும், மாவு வியாபாரியின் கெடுவும் இருக்கும். மிக மோசமான மாதத்தின் பற்றாக்குறையைத் திறக்கும் முன்பே தனியாக எடுத்து வைக்கச் சொல்வேன்.

குத்தகைப் பத்திரத்தை முதல் நாளே கேட்பேன். பெரிய கடையின் 11 மாத ஒப்பந்தம் பதினோராவது நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது; அதற்குள் மூன்று நாள் டீ குடித்தாகிவிட்டது.

கேக் ஆர்டர் நோட்டில் இப்போது “எந்தக் கடையில் எடுப்பீர்கள்?” என்று ஒரு கூடுதல் பத்தி இருக்கிறது. உரிமையாளரின் மனைவி தானே கோடு போட்டு உண்டாக்கியது. மாதம் முடிந்ததும் அதைக் கூட்டி எனக்கு அனுப்புகிறார்.